பத்து லட்சம் பார்வைக்கு எத்தனை ரேண்ட்?

"அக்கா, நான் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் ஆயா சமைப்பதைப் படம் பிடித்து ஒரு நிமிட வீடியோவாக யூடியூப் ஷார்ட்ஸில் போடுகிறேன். மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் வீடியோவுக்கு மட்டும் பதினைந்து லட்சம் பார்வை வந்துவிட்டது. இதற்கு எவ்வளவு பணம் வரும்? பாட்டு சேர்த்தால் பாதிப் பணம் பாட்டுக்காரருக்குப் போய்விடும் என்கிறார்கள், உண்மையா? வேலையை விட்டுவிட்டு இதையே செய்யலாமா?"

தம்பி, உங்கள் சேனல், விளம்பரப் பணத்தில் பங்கு தரும் யூடியூபின் பார்ட்னர் திட்டத்தில் சேர்ந்துவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. சேரவில்லை என்றால் அந்தப் பதினைந்து லட்சத்துக்கு உங்களுக்கு வரப்போவது ஒன்றுமில்லை. பின்னால் சேர்ந்தாலும் பழைய பார்வைக்குப் பாக்கி தரமாட்டார்கள். சேர்ந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கைச் சொல்கிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: வேலையை விடாதீர்கள். ஏன் என்பது கணக்கிலேயே தெரியும்.

நான் டர்பனில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலை நேரத்தில் நான்கைந்து சிறிய சேனல்களின் வரவு செலவையும் பார்த்துக் கொடுக்கிறேன். அதில் ஒன்று என் கொழுந்தனாருடையது. எல்லாரும் முதலில் கேட்பது "ஒரு பார்வைக்கு எவ்வளவு?" என்பதுதான். ஷார்ட்ஸைப் பொறுத்தவரை அப்படி ஒரு விலையே கிடையாது. நீளமான வீடியோவில் உங்கள் வீடியோவுக்கு முன்னும் நடுவிலும் ஓடும் விளம்பரத்தின் வருமானம் உங்கள் பெயரில் ஏறும். ஷார்ட்ஸில் விளம்பரம் ஒரு வீடியோவுக்கும் அடுத்த வீடியோவுக்கும் இடையில் வருகிறது. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் உங்கள் ஆயாவின் கூழைப் பார்த்துவிட்டு, அடுத்து ஒரு கார் விளம்பரத்தைப் பார்த்து, அதற்கடுத்து யாரோ ஒருவரின் நாய்க்குட்டியைப் பார்க்கிறார். அந்தக் கார் விளம்பரம் யாருக்குச் சொந்தம்? உங்களுக்கா, நாய்க்குட்டிக்காரருக்கா? இந்தச் சிக்கலுக்காகத்தான் எல்லாப் பணத்தையும் ஒரே பானையில் போட்டுப் பங்கு பிரிக்கிறார்கள். 2023 பிப்ரவரி முதல் இந்த முறைதான் நடக்கிறது. அதற்கு முன்பு 10 கோடி டாலரில் ஒரு நிதி வைத்து, தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பானை நாட்டுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் பானையை எடுத்துக்கொள்வோம். உண்மையான தொகை பெரிது. கணக்கு புரிவதற்காகச் சின்ன எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் இங்கே ஷார்ட்ஸ் விளம்பரத்தில் 1,000 டாலர் வந்தது என்போம். திட்டத்தில் சேர்ந்த எல்லாச் சேனல்களுக்கும் சேர்த்து இந்த நாட்டில் ஒரு கோடி பார்வை. அதில் 60 லட்சம் பார்வை பாட்டில்லாத வீடியோக்களுக்கு, 40 லட்சம் பார்வை ஒரு பாட்டு சேர்த்த வீடியோக்களுக்கு. பாட்டில்லாத 60 லட்சத்துக்கு உரிய 600 டாலரும் அப்படியே படைப்பாளர் பானைக்குப் போகும். பாட்டுள்ள 40 லட்சத்துக்கு உரிய 400 டாலரில் பாதி, அதாவது 200 டாலர், இசை உரிமைச் செலவுக்காக எடுத்து வைக்கப்படும். மீதி 200 படைப்பாளர் பானைக்கு. இரண்டு பாட்டு சேர்த்த வீடியோ என்றால் மூன்றில் இரண்டு பங்கு இசைக்குப் போய், ஒரு பங்குதான் பானைக்கு வரும். நம் உதாரணத்தில் பானையில் சேர்ந்தது 800 டாலர்.

இனிப் பங்கு. இந்த நாட்டில் உங்களுக்கு ஒரு லட்சம் பார்வை என்றால் அது ஒரு கோடியில் நூற்றில் ஒன்று. ஆகவே பானையில் நூற்றில் ஒரு பங்கு, 8 டாலர், உங்கள் பெயரில் ஒதுக்கப்படும். அதில் 45 சதவீதம் உங்களுக்கு, 55 சதவீதம் யூடியூபுக்கு. கையில் வருவது 3 டாலர் 60 சென்ட்.

பாட்டைப் பற்றிய உங்கள் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இதுதான். அதே மாதம் பக்கத்து வீட்டுப் பெண் பாட்டு சேர்த்து ஒரு லட்சம் பார்வை வாங்கினால் அவளுக்கும் 8 டாலர்தான் ஒதுக்கப்படும், அவளுக்கும் 45 சதவீதம்தான், அவள் கைக்கு வருவதும் 3 டாலர் 60 சென்ட்தான். பாட்டுக்கான பணம் பானையில் சேரும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. யார் பாட்டு சேர்த்தது, யார் சேர்க்கவில்லை என்று பங்கு பிரிக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. ஊர்ப் பொதுக்குளத்தில் ஒருவர் இரண்டு குடம் அதிகமாக மொண்டால் தண்ணீர் எல்லாருக்கும்தான் கொஞ்சம் குறையும். ஆகவே பணத்துக்குப் பயந்து பாட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை. வீடியோவுக்குப் பாட்டு பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆயா மத்தால் கடையும் சத்தம் கேட்கிற வீடியோவுக்குப் பாட்டு எதற்கு என்பது என் சொந்தக் கருத்து. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆனால் நான் சொல்வது யூடியூப் தன் ஷார்ட்ஸ் நூலகத்தில் வைத்திருக்கும் பாட்டுகளைப் பற்றி மட்டும். கோயில் ஒலிபெருக்கியில் ஓடிய பக்திப்பாடல் உங்கள் வீடியோவில் பதிந்து, அதன் உரிமையாளர் தானியங்கி முறையில் உரிமை கோரினால் அது வேறு கதை. அவர் வீடியோவைத் தடுத்துவிடக்கூட முடியும். குறிப்பாக, 2024 அக்டோபரில் ஷார்ட்ஸின் நீளத்தை மூன்று நிமிடம் வரை உயர்த்தியபோது, ஒரு நிமிடத்தைத் தாண்டிய வீடியோவில் அப்படி உரிமை கோரல் இருந்தால் உலகம் முழுவதும் தடை என்று விதி வைத்தார்கள். புனித வெள்ளி அன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் எடுத்ததை இரண்டு நிமிட வீடியோவாகப் போடப் போகிறீர்கள் என்றால், பின்னால் என்ன பாட்டு ஓடுகிறது என்று போடுவதற்கு முன்பே காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

இனி உங்கள் பதினைந்து லட்சம். இந்த எண்ணிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே, மறுபடி சுற்றினாலும்கூட, ஒரு பார்வை என்று எண்ணுகிறார்கள். பார்த்தவுடன் தள்ளிவிட்டுப் போனவரும் அதில் அடக்கம். வீடியோவின் கீழே எல்லாரும் பார்ப்பது இந்த எண்தான். பணம் இதை வைத்துத் தரப்படுவதில்லை. உங்கள் புள்ளிவிவரப் பக்கத்தில் Engaged views என்று தனியாக ஒரு வரி இருக்கும். தள்ளிவிடாமல் நின்று பார்த்தவர்களின் கணக்கு அது. பங்கு பிரிப்பதும், திட்டத்தில் சேரும் தகுதியைப் பார்ப்பதும் அந்த எண்ணை வைத்துத்தான். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் வெளியே தெரியும் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு "யூடியூப் என்னை ஏமாற்றிவிட்டது" என்று கோபத்தோடு வருகிறார்கள். உங்கள் பதினைந்து லட்சத்தில் நின்று பார்த்தது பத்து லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பத்து லட்சமும் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தது? ஆயா தமிழில் பேசுகிறார் என்றால் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்திருக்கும். 8 லட்சம் இந்தியா, ஒன்றரை லட்சம் தென்னாப்பிரிக்கா, 50 ஆயிரம் பிரிட்டன் என்போம். ஒவ்வொரு நாட்டுப் பார்வையும் அந்தந்த நாட்டுப் பானையிலிருந்துதான் பங்கு வாங்கும். நம் உதாரணத்தில் தென்னாப்பிரிக்கப் பானையில் ஆயிரம் பார்வைக்கு 8 சென்ட் விழுந்தது. இந்தியாவில் விளம்பர விலை குறைவு, பார்வையோ கடலளவு. அதனால் அங்கே ஆயிரத்துக்கு 2 சென்ட் என்று வைப்போம். பிரிட்டனில் 20 சென்ட். இவையும் நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் எது பெரியது, எது சிறியது என்ற வரிசை இப்படித்தான் இருக்கும்.

இந்தியாவின் 8 லட்சத்துக்கு 16 டாலர். இங்குள்ள ஒன்றரை லட்சத்துக்கு 12 டாலர். பிரிட்டனின் 50 ஆயிரத்துக்கு 10 டாலர். ஆக 38 டாலர். அதில் உங்கள் 45 சதவீதம் 17 டாலர் 10 சென்ட். ஒரு டாலர் 18 ரேண்ட் என்று கொண்டால் சுமார் 308 ரேண்ட். இதை இன்னொரு முறை பாருங்கள்: நூற்றில் எண்பது பேர் இந்தியாவில் பார்த்தார்கள், வருமானத்தில் பாதிகூட அங்கிருந்து வரவில்லை. நூற்றில் ஐந்து பேர் பார்த்த பிரிட்டன் கால் பங்குக்கு மேல் கொடுத்தது.

பிரீமியம் சந்தா கட்டி விளம்பரமில்லாமல் பார்ப்பவர்களின் பங்கு இதோடு தனியாகச் சேரும். அந்தச் சந்தாப் பணத்திலும் ஷார்ட்ஸுக்கு ஒதுக்கியதில் 45 சதவீதம் படைப்பாளருக்கு. நான் பார்க்கும் சேனல்களில் அது தொட்டுக்கொள்ள ஊறுகாய் அளவுக்குத்தான் வருகிறது.

"அப்படியென்றால் இந்தியாவுக்காக எடுப்பதை விட்டுவிட்டு நம் ஊர்க்காரர்களுக்காக எடுக்கிறேன்" என்று தோன்றும். என் கொழுந்தனாருக்கும் தோன்றியது. கொஞ்சம் பொறுங்கள், இதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர், ஆசியர் என்ற பிரிவில் வந்தவர்கள் இந்த நாட்டில் 17 லட்சத்தை ஒட்டி. அதில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு பகுதிதான். அந்த 17 லட்சம் பேரும், பால்குடிக் குழந்தை உட்பட, உங்கள் கூழ் வீடியோவை ஆளுக்கு ஒரு முறை நின்று பார்த்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 8 சென்ட் வீதம் 136 டாலர். உங்கள் பங்கு 61 டாலர் 20 சென்ட். சுமார் 1,100 ரேண்ட். ஊரே திரண்டு பார்த்தால் கிடைப்பது அவ்வளவுதான். சமூகத்துக்கு வெளியே, இந்த நாட்டின் மற்ற மக்களும் நின்று பார்க்கும்படி எடுத்தால்தான் எண் நகரும். அதற்கு ஆயா தமிழில் பேசுவதை மாற்ற வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே பாதித் தமிழ் புரிவதில்லை. திரையில் ஆங்கில வரிகள் போடுங்கள். மக்காச்சோள மாவுக் கூழ் இந்த நாட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. புளிக்க வைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கூட்டித் தரும் நம் கூழைப் பார்த்து ஒரு சூலு பாட்டி சிரிக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்று எடுத்தால் அது வேறு விதமாக ஓடும்.

வேலையை விடுவதைப் பற்றி. மாதம் 10,000 ரேண்ட் வேண்டுமென்றால் மேலே சொன்ன கலவையில் மாதாமாதம் மூன்றேகால் கோடி பார்வை நின்று பார்த்ததாக வேண்டும். ஒரு மாதம் வரலாம். அடுத்த மாதமும் வருமா? ஷார்ட்ஸின் ஆயுள் ஈசலின் ஆயுள். ஒரு வாரம் பறக்கும், பிறகு தரையில் கிடக்கும். நல்ல வீடியோ சில மாதம் கழித்து மறுபடி எழுவதும் உண்டு, ஆனால் அதை நம்பி வாடகைக்குக் கையெழுத்துப் போட முடியாது. அதோடு பானையே ஒரே அளவில் இருக்காது. ஆண்டு முடிவில் கடைக்காரர்கள் விளம்பரத்துக்கு அள்ளி வீசுவார்கள், ஜனவரியில் கையை மடக்கிக்கொள்வார்கள். டிசம்பரில் வந்த தொகையை வைத்துப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதிக்கொண்டு வந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். பிப்ரவரியில் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி, பானையில் பங்கு கேட்கும் தகுதி எப்படி வருகிறது? இரண்டு வாசல். இரண்டுக்கும் 1,000 சந்தாதாரர் வேண்டும். அதோடு, ஒன்று: கடைசி 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி செல்லுபடியாகும் பார்வை. அல்லது: கடைசி 12 மாதத்தில் நீளமான வீடியோக்களை மக்கள் பார்த்த நேரம் 4,000 மணி. ஷார்ட்ஸ் ஓடையில் பார்த்த நேரம் இந்த 4,000 மணியில் சேராது. 500 சந்தாதாரர், 90 நாளில் 30 லட்சம் பார்வை அல்லது ஓராண்டில் 3,000 மணி, மூன்று புதிய வீடியோ என்று ஒரு சின்ன வாசலும் உண்டு. அதில் நுழைந்தால் ரசிகர்கள் நேரடியாகத் தரும் அன்பளிப்பு, உறுப்பினர் கட்டணம் போன்றவைதான் கிடைக்கும். விளம்பரப் பானையில் பங்கு இல்லை.

ஒரு கோடி என்றால் 90 நாளும் தினமும் ஒரு லட்சத்துப் பதினோராயிரம். பெரிய அலை ஒன்று வந்து 91ஆம் நாள் ஆனதும் அது கணக்கிலிருந்து கழன்று விழும். நீங்கள் மலை ஏறிக்கொண்டே இருப்பீர்கள், படியும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இன்னொரு வாசலைப் பாருங்கள். ஆயா கூழ் காய்ச்சுவதை முழுதாக, மாவு புளிக்க வைப்பதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை, பத்து நிமிட வீடியோவாகப் போடுகிறீர்கள். பார்ப்பவர் சராசரியாக ஆறு நிமிடம் பார்க்கிறார். அப்படி 40,000 பார்வை வந்தால் 4,000 மணி ஆகிவிட்டது. ஒரு கோடி எங்கே, நாற்பதாயிரம் எங்கே! ஓராண்டு அவகாசமும் இருக்கிறது. எந்த வாசலில் நுழைந்தாலும் உள்ளே கூடம் ஒன்றுதான். நீளமான வீடியோ வழியாகச் சேர்ந்தவருக்கும் ஷார்ட்ஸ் பானையில் பங்கு உண்டு. நீளமான வீடியோவில் உங்கள் பங்கு 55 சதவீதம், அதுவும் உங்கள் வீடியோவில் ஓடிய விளம்பரத்துக்கே. ஷார்ட்ஸ் உங்களுக்குப் பணம் தருவதைவிட ஆள் கூட்டித் தருவதற்கு நல்லது. முன்பு விளக்கத்தில் சுட்டி கொடுத்து ஆளை அழைத்துப் போவார்கள். 2023 ஆகஸ்ட் முடிவிலிருந்து ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கருத்துரையிலும் கொடுக்கும் சுட்டிகள் தொட்டால் திறப்பதில்லை. அதற்குப் பதிலாக Related video என்று ஒரு வசதி இருக்கிறது. ஷார்ட்ஸைத் திருத்தும் பக்கத்தில் அதில் உங்கள் பத்து நிமிட வீடியோவைத் தேர்ந்துவிட்டால், ஷார்ட்ஸின் மேலேயே அதற்கு வழி தெரியும்.

"செல்லுபடியாகும்" பார்வை என்று சொன்னேன். காசு கொடுத்து வாங்கிய பார்வை, இயந்திரம் பார்த்த பார்வை எல்லாம் கழிக்கப்படும். சினிமாவிலிருந்தோ தொலைக்காட்சியிலிருந்தோ வெட்டி அப்படியே போட்டது, இன்னொருவர் வீடியோவை இறக்கித் தன் பெயரில் ஏற்றியது, மற்றவர்களின் துண்டுகளைக் கோத்துத் தன்னுடையது எதுவும் சேர்க்காமல் போட்டது ஆகியவற்றின் பார்வைக்கும் பங்கு கிடையாது. ஆயாவின் அடுப்படியை நீங்களே எடுக்கிறீர்கள், உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

சேர்ந்த பிறகு நடக்கும் ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே நடந்தது. கொழுந்தனாரின் சேனல் நீளமான வீடியோ வழியாகத் திட்டத்தில் சேர்ந்தது. விளம்பரப் பங்குக்கான ஒப்பந்தங்கள் இரண்டு இருக்கும்: ஒன்று நீளமான வீடியோவுக்கு, இன்னொன்று Shorts Monetization Module. அவர் முதலாவதற்குக் கையொப்பமிட்டார். மற்றதை அப்புறம் படித்துப் பார்க்கலாம் என்று மூடிவிட்டார். தைப்பூசம் வந்தது. காவடி எடுத்தவர்களின் கால்களை மட்டும் காட்டி அவர் போட்ட நாற்பது வினாடி வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. ஐந்து வாரம் கழித்து, "ஷார்ட்ஸ் வருமானம் ஏன் பூஜ்யமாகவே நிற்கிறது?" என்று என்னிடம் வந்தார். அந்த ஒப்பந்தத்தை ஏற்ற நாளிலிருந்து வரும் பார்வைக்குத்தான் பங்கு. முந்தைய ஐந்து வாரம் போனது போனதுதான். எங்கே பார்ப்பது என்றால், யூடியூப் ஸ்டுடியோவில் Earn என்ற பகுதிக்குப் போங்கள். ஷார்ட்ஸ் விளம்பரத்துக்கு எதிரே இன்னும் ஒப்பந்தத்தை ஏற்கச் சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் இலவசமாகப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பணம் கைக்கு வரும் வழியும் நேராக இல்லை. யூடியூப் பணம் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கு வழியாகத்தான் வரும். அந்தக் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் உங்கள் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். எங்களுக்கு முதல் கடிதம் வரவே இல்லை. அடுக்ககத்தின் பெயரை எழுதிவிட்டு வீட்டு எண்ணை எழுதாமல் விட்டது நாங்கள் செய்த பிழை. திருத்தி எழுதி மறுபடி கேட்டு வாங்கினோம். முகவரியை அசட்டையாக நிரப்பாதீர்கள். அந்த எண்ணை நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் விளம்பரமே நின்றுவிடும்.

இருப்பு 100 டாலரைத் தொட்டால்தான் அனுப்புவார்கள். மாதம் 17 டாலர் 10 சென்ட் என்றால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு மாதத்தின் வருமானம் அடுத்த மாத முதல் பாதியில் உறுதியாகி, 21 முதல் 26ஆம் தேதிக்குள் கிளம்பும். வெளிநாட்டுப் பணம் என்பதால் இங்குள்ள வங்கி அது எதற்கான தொகை என்று ரிசர்வ் வங்கிக்குக் கணக்குக் காட்ட உங்களிடம் விவரம் கேட்கும். கட்டணமும் பிடிக்கும். நூறு நூறு டாலராக வாங்கினால் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டணம் கடிக்கும். ஆட்சென்ஸிலேயே பணம் அனுப்பும் வரம்பை 300, 400 டாலர் என்று உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். நான் பார்க்கும் சேனல்களுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வரி இரண்டு பக்கம். அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் வருமானத்துக்கு அமெரிக்க வரி உண்டு. ஆட்சென்ஸில் W-8BEN படிவத்தை நிரப்பி, உங்கள் சார்ஸ் வரி எண்ணைக் கொடுத்து, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கேட்டால் அந்த விகிதம் பூஜ்யமாகும். படிவமே கொடுக்காமல் விட்டால் அமெரிக்கப் பார்வை என்று மட்டுமல்ல, உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்க வாய்ப்புண்டு. பிறகு இங்கே. சம்பளத்தில் வரி பிடிக்கிறார்களே, அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். இது சம்பளத்துக்கு வெளியே வரும் வருமானம், சார்ஸுக்குக் காட்ட வேண்டும். முன்கூட்டிச் செலுத்தும் வரிக்கு நீங்கள் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். அதன் கெடு ஆகஸ்ட் முடிவும் பிப்ரவரி முடிவும். கேமரா, விளக்கு, டேட்டா என்று செலவழித்ததற்கு ரசீது வைத்திருங்கள். சேனலுக்காகச் செய்த செலவைக் கழிக்கலாம். ஆயாவுக்கு வாங்கிய புதுச் சேலையைக் கழிக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். முடியாது என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

உங்கள் கூழ் வீடியோவின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து Engaged views எண்ணையும், நாடு வாரியான பட்டியலில் முதல் ஐந்து நாடுகளையும் எழுதி அனுப்புங்கள். திட்டத்தில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், கடந்த மாத ஷார்ட்ஸ் வருமானத்தையும் சேர்த்து அனுப்புங்கள். என் உதாரண எண்களைத் தள்ளிவிட்டு, உங்கள் சேனலுக்கு ஆயிரம் பார்வைக்கு உண்மையில் என்ன விழுகிறது என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.